பாதிக் கம்பி

எங்கள் மில்லில் முற்பணம் கேட்கிறவர்கள் தேவையைப்போல இரண்டு மடங்கு எழுதுவார்கள். அது எழுதப்படாத சட்டம். நல்லரத்தினம் முதலாளி காலையில் தேத்தண்ணி குடித்தபடி கடிதத்தை வாங்குவார், தொகை எங்கே இருக்கிறதென்று தேடுவார், அதன்மேல் பச்சைப் பேனையால் ஒரு கோடு கிழிப்பார், பக்கத்தில் பாதியை எழுதிக் கையெழுத்து வைப்பார். இருபதாயிரம் வேண்டுமானால் நாற்பதாயிரம் என்று எழுத வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டெங்கு என்று எழுத வேண்டும். நான் ஆறு வருடமாக அங்கே அரிசி பைக்கற் பண்ணுகிறேன். இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேனே தவிர, எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

தேவைப்பட்டது ஒரு மாட்டால்.

என் புருசன் றொனால்ட் வாவியில் நண்டு பிடிக்கிறவர். சனிக்கிழமை விடியப்புறம் நண்டுப் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வியாபாரியிடம் போகும்போது, ரோட்டின் நடுவில் படுத்திருந்த மாடு எழும்பியது. மட்டக்களப்பு மாட்டுக்கு ரோடுதான் மெத்தை என்பது ஊருக்கே தெரியும். மாடு எழும்பி நடந்து போய்விட்டது. இவர் எழும்பவில்லை. வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் காலை இழுத்துக் கட்டி, கட்டில் முனையில் எடை தொங்கவிட்டிருந்தார்கள். நான் போனபோது அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. ஆனாலும் வாய் மூடவில்லை.

"அந்த மாட்டுக்கு ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார்.

"மாடு வந்து உங்களப் பாக்கப் போகுதாம். சும்மா கிடங்க" என்றேன். எனக்குப் பயம் வந்தால் வாய் கூர்மையாகிவிடும். அன்றைக்குக் கத்தி போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டொக்டர் என்னை வார்ட்டு வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். எலும்புக்குள்ளே நீளமான கம்பி ஒன்றைச் செலுத்தித் திருகாணி போட்டுப் பூட்ட வேண்டும். ஒப்பரேசனுக்கு ஆஸ்பத்திரியில் காசு கட்டத் தேவையில்லை. ஆனால் அவருடைய அளவுக் கம்பி இப்போது கையிருப்பில் இல்லை, எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது. வெளியே வாங்கிக் கொடுத்தால் செவ்வாய்க்கிழமை தியேட்டர் லிஸ்டில் போடலாம்.

"அடுத்த கிழமை வாங்கித் தந்தா, டொக்டர்?"

அவர் இளவயதுக்காரர். பொய் சொல்லப் பழகவில்லை போலும். "தொடை எலும்பு பெரிய எலும்பு, அம்மா. முறிஞ்சு அசைஞ்சுகொண்டு கிடந்தா உள்ள இருக்கிற கொழுப்பு ரத்தத்தில கலந்து நெஞ்சுக்குப் போகலாம். ரத்தம் கட்டியும் போகலாம். எல்லாருக்கும் அப்பிடி வாறதில்ல. ஆனா எவ்வளவு கெதியாப் பூட்டுறமோ அவ்வளவு நல்லது."

எல்லாருக்கும் வருவதில்லை என்றால் சிலருக்கு வரும் என்றுதானே அர்த்தம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கும் தொடைதான் முறிந்திருந்தது. முதல்நாள் இவரோடு நண்டு விலை கதைத்த மனிதர். நான் திரும்பி வந்து பார்த்தபோது அந்தக் கட்டில் வெறுமையாக இருந்தது. மூச்சுத் திணறியதால் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோய்விட்டதாக வார்ட்டுத் தாதி மிஸ்ஸி சொன்னா. விரிப்பை மாற்றிக் கொண்டிருந்தார்கள்.

கம்பி விற்கிற கொம்பனிக்கு டவுனில் ஒரு ஏஜண்ட் இருந்தார். டொக்டர் எழுதித் தந்த அளவைப் பார்த்து விலைச்சீட்டுத் தந்தார். திருகாணிகளோடு தொண்ணூறாயிரம். திங்கட்கிழமை நாலு மணிக்குள் முழுக்காசு கட்டினால் கொழும்பில் பஸ்ஸில் ஏற்றுவார்கள், செவ்வாய் காலை சாமான் கைக்கு வரும். கொஞ்சம் இப்போது கட்டி மிச்சத்தைப் பிறகு தரலாமா என்று கேட்டேன். "நானும் சம்பளத்துக்கு வேல செய்யிற ஆள்தான், அக்கா" என்றார். அதற்கு மேல் அந்த மனிதரிடம் என்ன கதைக்க?

என்னிடம் சீட்டுக்காசு இருபதாயிரம் இருந்தது. சங்கிலி போன வருடமே தோணி எஞ்சினுக்காக அடகுக்குப் போய்விட்டது. கிழமைக்குக் கிழமை தவணை வாங்குகிற கடன் கொம்பனிகள் இருக்கின்றன. அவர்கள் காசு தருவதும் கெதி, வாசலில் வந்து குந்துவதும் கெதி. எங்கள் ஒழுங்கையில் ஒருத்தி அவர்களுக்குப் பயந்து பின்கதவால் போய்வருகிறாள். மிஞ்சியது மில்தான்.

திங்கள் காலை வீடு இருக்கும் கல்லடியிலிருந்து பஸ் மாறி மில் இருக்கும் வவுணதீவுக்குப் போகும்போதே கடிதத்தை எழுதி முடித்திருந்தேன். மில்லில் சாப்பாட்டு அறை வாங்கில் இருந்து அதை அன்னப்பூரணியக்காவிடம் காட்டினேன். பைக்கற் பகுதியில் எனக்கு மூத்தவ. முற்பணக் கடிதத்தில் இன்னொரு வேலையாள் பிணையாகக் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது மில்லின் ஒழுங்கு. அதற்காகத்தான் காட்டினேன். கடிதம் இதுதான்:

"ஐயா,

மருத்துவ அவசரத்துக்காகச் சம்பள முற்பணம் கோருதல்

நான் தங்கள் ஆலையின் பொதியிடும் பகுதியில் ஆறு வருடங்களாக வேலை செய்கிறேன். இதுவரை முற்பணம் கேட்டதில்லை. கடந்த சனிக்கிழமை விபத்தில் என் கணவரின் வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. அதனுள் பொருத்த வேண்டிய உலோகக் கம்பியை வெளியில் வாங்கித் தரும்படி வைத்தியர் எழுதித் தந்துள்ளார். அதன் விலை 90,000 ரூபாய். என்னிடம் 20,000 ரூபாய் உண்டு. மீதி 70,000 ரூபாயை முற்பணமாகத் தந்துதவுமாறு கேட்கிறேன்.

இன்று மாலை நான்கு மணிக்கு முன் பணம் கட்டினால் மட்டுமே நாளைய சத்திரசிகிச்சைக்குக் கம்பி வந்து சேரும். வைத்தியர் எழுதிய துண்டையும் விலைச்சீட்டையும் இணைத்துள்ளேன்.

அடுத்த மாதத்திலிருந்து என் சம்பளத்தில் மாதம் 7,000 ரூபாய் வீதம் பத்து மாதங்கள் கழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். அதற்கு முன் நான் வேலையை விட நேர்ந்தால் மீதியைக் கட்டிவிட்டே போவேன்.

இதைவிடக் குறைந்த தொகையால் எனக்குப் பயனில்லை என்பதையும் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

இங்ஙனம்,
செசீலியா றொனால்ட்"

அன்னப்பூரணியக்கா வாசித்து முடித்து என் முகத்தைப் பார்த்தா.

"விசரா கா உனக்கு? ஒரு லச்சத்து நாப்பது எண்டு போடு."

"விலச்சீட்டு இணைச்சிரிக்கன் அக்கா. அதுல தொண்ணூறுதானே."

"விலச்சீட்ட ஆரு பாக்கிற? நான் எத்தின வருசமா எழுதிறன். மனிசன் தொகைய மட்டுந்தான் பாக்கும். எழுபது எண்டு போட்டா முப்பத்தஞ்சுதான் வரும். மறுகா என்ன செய்யப்போறாய்?"

"எனக்கு ஏலாது அக்கா."

"என்ன ஏலாது? ஒரு இலக்கத்த மாத்த ஏலாதா?"

காரணம் நேர்மையுமில்லை, ஒரு மண்ணுமில்லை. பயம். முதல்நாள் அந்த வெறும் கட்டிலைப் பார்த்ததிலிருந்து எனக்குள் ஒன்று ஏறி இருந்துவிட்டது: அவருடைய உயிரை வைத்து ஒரு பொய் எழுதினால் அந்தப் பொய் அவரிலேதான் போய் விழும். அறிவுள்ளவர்கள் சிரிக்கட்டும். வார்ட்டு வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் மனிதனுக்கு எதையெதைப் பார்த்துப் பயம் வரும் என்று. நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்துவிட்டு, அதே கையால் பொய்க்கணக்கு எழுத முடியாது.

அதோடு எனக்கு ஒரு நம்பிக்கையும் இருந்தது. இவ்வளவு விளக்கமாக எழுதி, துண்டும் இணைத்த கடிதத்தை எந்த மனிதனாவது பாதியாக வெட்டுவானா?

அன்னப்பூரணியக்கா பெருமூச்சு விட்டுக்கொண்டு பிணைக் கையெழுத்தை வைத்தா. "உன்ட குணத்துக்கு நீ கடதாசிய அந்தோனியாருக்கே எழுதியிரிக்கலாம்" என்றா.

கிளாக்கர் ரதீஸ் கடிதத்தை உள்ளே கொண்டுபோனான். முன்மாரி வெள்ளாமை வெட்டு நடக்கிற காலம். மில் முற்றம் முழுக்க உழவு மெஷின்களும் நெல் மூட்டைகளும். எல்லாருக்கும் கைக்காசு கொடுத்து நெல் வாங்கும் மாதம் அது. முதலாளி ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்பதில்லை. நான் பைக்கற் மெஷினுக்கு முன்னால் நின்று கைகளை மட்டும் வேலை செய்ய விட்டேன். கண் முழுக்க ஒஃபிஸ் கதவில். மத்தியானம் ஆகிவிட்டது. இடையில் போன் அடிக்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரியோ என்று பாய்ந்து எடுத்தேன். ஒருமுறை ரீலோட் போடச் சொல்லி போன் கொம்பனி, ஒருமுறை என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து. மூன்றாவதாக ஒஃபிஸ் கதவில் நின்று ரதீஸ் கூப்பிட்டான்.

மேசையில் வவுச்சர் இருந்தது. அதில் எழுதியிருந்த தொகை முப்பத்தையாயிரம். பக்கத்தில் என் கடிதம். எழுபதின் மேல் பச்சைக் கோடு. துண்டும் விலைச்சீட்டும் பின்னுக்குக் குத்தியபடியே இருந்தன. புரட்டிப் பார்த்த அடையாளம் இல்லை.

"கையெழுத்து வையுங்க அக்கா. காசு எடுத்து வச்சிரிக்கன்" என்றான் ரதீஸ். பாவம், அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பேனையைக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டு அப்படியே நின்றேன். முப்பத்தையாயிரத்தோடு இருபதைக் கூட்டினால் ஐம்பத்தையாயிரம். கம்பி வராது. கம்பி வராமலே ஐந்து மாதம் சம்பளத்தில் கழியும். அதற்குள் இவருடைய கட்டில் விரிப்பையும் மாற்றிவிடுவார்கள். அந்த நினைப்பு வந்ததும் பேனையை மேசையில் வைத்தேன்.

"முதலாளி எங்க?"

"முற்றத்தில. நெல்லுக்காரரோட. அக்கா, இப்ப போகாதீங்க, அவர் ஒரே சூட்டில இரிக்கார்."

அந்த நேரம் பார்த்து மறுபடி போன் அடித்தது. றொனால்டின் தம்பி யாக்கோப்பு. ஆஸ்பத்திரியில் அவரோடு நிற்கிறவன்.

"மச்சாள், அண்ணனுக்கு மூச்சு வாங்குது. மூக்கில வாயில எல்லாம் மாஸ்க் போட்டிரிக்காங்க. நெஞ்சப் படம் எடுக்கப் போறாங்களாம். பயப்பிட வேணாம் எண்டு மிஸ்ஸி சொல்றா."

பயப்பட வேண்டாம் என்று மிஸ்ஸி சொன்னால் பயப்படத் தொடங்கலாம் என்று அர்த்தம். "கம்பி வருதா மச்சாள்?" என்று கேட்டான். "வருது" என்றேன். அவர் உயிர்மேல் நான் சொன்ன முதல் பொய் அதுதான். அதை உண்மையாக்காமல் இனி என்னால் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முடியாது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன்.

முதலாளி ஒரு மூட்டைக்குள் கைவிட்டு நெல்லை அள்ளி, ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். ஈரம் பார்க்கிற மெஷின் சட்டைப் பையில் இருந்தாலும் பல்லில்தான் அவருக்கு நம்பிக்கை. எதிரே நெல்லுக்காரர் ஒருவர், தோளில் துவாயோடு.

"நல்லாக் காயவச்ச நெல் முதலாளி."

"வாவித் தண்ணியிலயா காயவச்ச? ஈரத்துக்குக் கழிச்சுத்தான் எடுப்பன்."

அவர் சொன்ன விலை ஒன்று, இவர் சொன்ன விலை ஒன்று. இருவரும் நடுவில் வந்து நிற்பார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு முதலாளியின் பச்சைக் கோடு விளங்கியது. இந்த மனிதர் நாள் முழுக்கச் செய்வதே இதுதான். சொன்னதை வெட்டுவது. என் கடிதமும் அவருக்கு ஒரு மூட்டை நெல்.

"முதலாளி" என்றேன்.

"வவுச்சர்ல கையெழுத்து வச்சிற்று காச எடு, புள்ள. நான் சொல்லிற்றன்."

"எனக்கு அந்தக் காசு வேணாம் முதலாளி."

நெல்லுக்காரர் துவாயை மற்றத் தோளுக்கு மாற்றினார். பைக்கற் பகுதி வாசலில் அன்னப்பூரணியக்கா வந்து நின்றதைக் கண்டேன்.

"என்ன வேணாம்? தாறத வாங்கத் தெரியாதா உனக்கு?" முதலாளியின் குரல் ஏறியது. "இந்த மாசத்தில ஆருக்கும் ஒரு சதம் குடுக்கிறதில்ல. உன்ட புருசன் விழுந்து கிடக்கான் எண்டு ரதீஸ் சொன்னதாலதான் எழுதினன்."

"அதுக்குப் பெரிய உபகாரம் முதலாளி. ஆனா பாதிக் கம்பி எந்தக் கடையிலயும் விக்கிறாங்க இல்ல."

"என்ன கம்பி?"

"கடிதத்தில எழுதியிரிக்கன்."

நான் கடிதத்தை நீட்டினேன். அவர் நெல் தூசியை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். கண்ணாடியைத் தேடிப் போட்டார். அவர் வாசித்த நேரம் முழுக்க நான் றொனால்டின் நெஞ்சு ஏறி இறங்குவதை நினைத்துக்கொண்டு நின்றேன். ஒருமுறை கடைசி வரிக்குப் போய்விட்டு மறுபடி மேலே வந்தார். பிறகு பின்னால் குத்தியிருந்த விலைச்சீட்டைப் புரட்டினார். டொக்டரின் துண்டையும் புரட்டினார்.

"உனக்குச் சரியா எழுபதுதான் வேணுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. நெல்லுக்குள் கல்லைக் கடித்தவர்போல இருந்தார்.

"ஓம் முதலாளி."

"அப்ப ஏன் எழுபது எண்டு எழுதின?"

எனக்கு ஒரு கணம் காது அடைத்துவிட்டதோ என்று தோன்றியது.

"புள்ள, இந்த மில்லில தேவையானத எழுதிற ஆள் ஆரும் இரிக்கா? ரெண்டு மடங்கு எழுதிறாங்க, நான் பாதி குடுக்கிறன். அவங்களுக்குத் தேவையானது கிடைக்குது. என்ட அப்பா காலத்தில இருந்து அப்பிடித்தான். அன்னப்பூரணி! நீ சொல்லு. போன வருசம் உன்ட தாய்க்குக் கண் ஒப்பரேசன் எண்டு எழுதினாயே, உனக்கு எவ்வளவு தேவப்பட்டது?"

நான் என் புருசனின் காலைப் பார்க்க வந்து அவவின் கழுத்தில் கயிற்றைப் போட்டுவிட்டேனே என்று நினைத்தேன். பிணைக் கையெழுத்து வைத்த மனுசி.

அன்னப்பூரணியக்கா சீலைத் தலைப்பைக் கையில் சுற்றினா. "நீங்க தந்த பாதி சரியாக் காணும், முதலாளி. கூடவும் இல்ல, குறையவும் இல்ல" என்றா.

"கேட்டியா? சரியாக் காணுமாம்." என்னிடம் திரும்பினார். "உனக்கு முப்பத்தஞ்சுதான் வேணும் எண்டு நினைச்சன். கேட்டத முழுசாத் தந்த நினைப்பில நான் இஞ்ச நெல்லு வாங்கிற்று நிக்கிறன்."

எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. எனக்கு மட்டும் பாதிதான் தெரிந்திருந்தது. நாங்கள் அவரை ஏமாற்றுவதாக நினைத்துச் சிரித்திருந்தோம். அவரோ ஏமாறுவதாக ஒரு நாளும் நினைத்ததில்லை.

"மத்த ஆக்களப்போல எழுதினா என்ன? எனக்கு இந்தக் குழப்பமே வந்திராது" என்று என்னையே ஏசினார். உண்மை எழுதியதற்கு ஏச்சு வாங்கிய ஒரே ஆள் இந்த மில்லில் நானாகத்தான் இருப்பேன்.

"பயம் முதலாளி" என்றேன். "அவர்ர உயிரில பொய் எழுத எனக்குப் பயம். இப்ப மூச்சு வாங்குதாம். மாஸ்க் போட்டிரிக்காங்களாம். நாலு மணிக்குள்ள கட்டவேணும்."

எல்லாருக்கும் முன்னால் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். ரதீஸைக் கூப்பிட்டார். பெட்டகத்தில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். எனக்கு எடுத்து வைத்த முப்பத்தையாயிரத்தைத் தவிர மிச்சமெல்லாம் காலையில் வந்த நெல்லுக்குப் போய்விட்டதாக ரதீஸ் சொன்னான். மற்றது முதலாளியின் சாரத்து மடியில் இருந்தது. அது இந்த நெல்லுக்காரருக்கு எண்ணி வைத்த காசு. முதலாளி அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவருக்கும் வெட்டு மெஷின்காரன் வீட்டில் காத்திருப்பான். உரக்கடைக்காரன் காத்திருப்பான். அவர் இல்லையென்று சொன்னால் அது அநியாயமில்லை. அதை நினைத்தபோதுதான் எனக்கு மிகக் கூடுதலாகப் பயம் வந்தது.

அவர் துவாயால் கழுத்தைத் துடைத்தார். "பாங்கு மூட நேரம் இரிக்கிதானே. கிளாக்கர் எடுத்து வரட்டும். ஆனா ஈரத்துக்குக் கழிக்கப்படாது" என்றார்.

"உன்ட நெல்லு ஈரந்தான்" என்றார் முதலாளி. என்றாலும் கழிக்காமல் எடுத்தார்.

என் கடிதத்தில் தானே கிழித்த பச்சைக் கோட்டின் மேல் மறுபடி எழுபது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். ரதீஸ் பழைய வவுச்சரைக் கிழித்துவிட்டுப் புதிது எழுதினான். மாதம் ஏழாயிரம், பத்து மாதம். நான் கையெழுத்து வைத்தேன். அந்தக் கையெழுத்து என்னுடையது போலவே இல்லை, கோழி கிளறினது போல இருந்தது.

பாங்குக்குப் போகிற ரதீஸ் தன் மோட்டார் சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டான். வலையிறவுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டில் இரண்டு மாடுகள் படுத்திருந்தன. "மெதுவா! மெதுவா!" என்று அவன் தோளைப் பிடித்துக் கத்தினேன். "அக்கா, அது படுத்துத்தான் இரிக்கு" என்றான். "படுத்த மாடுதான் எழும்பும்!" என்றேன். பாலத்தில் வாவிக் காற்று அடித்தபோது காசு இருந்த பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

ஏஜண்ட் காசை எண்ணி, பற்றுச்சீட்டு எழுதி, எனக்கு முன்னாலேயே கொழும்புக்கு போன் பண்ணினார். நாலு மணிக்கு இன்னும் நேரமிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கம்பி வந்தது. ஒரு நீளப் பெட்டி, அவ்வளவுதான். அதைக் கைக்குழந்தை போலத் தூக்கிக்கொண்டு வார்ட்டுக்குப் போனேன். நெஞ்சுப் படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றும், ஒக்சிசன் அளவு ஏறிவருகிறது என்றும் டொக்டர் சொன்னார். ஆனாலும் கொஞ்சம் பார்த்துவிட்டு எடுப்பதாகச் சொல்லி, பெயரை லிஸ்டின் கடைசிக்குத் தள்ளினார்கள். ஒருவர் பின் ஒருவராக ஆட்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள், கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் நான் எழும்பினேன். யாக்கோப்பு ஒருமுறை, "இருங்க மச்சாள், எழும்பி எழும்பி உங்கட முழங்காலுக்கும் கம்பி வேணும்" என்றான். அண்ணனின் வாய்தான் அவனுக்கும்.

அவரை உள்ளே கொண்டுபோகும் முன்னர் மாஸ்க்குக்குள்ளால் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் பகிடி இல்லை. அவருக்கும் பயம் என்று அப்போதுதான் கண்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கதவுவரைக்கும் தள்ளுவண்டியோடு நடந்தேன். கதவு மூடியபிறகு சுவரோடு சாய்ந்து நின்றேன். செபம் சொல்லத் தொடங்கினால் பாதியில் மறந்துபோனது. மறுபடி முதலில் இருந்து தொடங்கினேன். மறுபடியும் மறந்தது. முதலாளியின் வீட்டம்மா போன் எடுத்து என்ன நிலைமை என்று கேட்டா. என்ன சொன்னேனென்று நினைவில்லை.

பின்னேரம் கழிந்து டொக்டர் வெளியே வந்தார். முகமூடியைக் கீழே இறக்கினார். "கம்பி பூட்டியாச்சு. அவர் நல்லா இருக்கிறார்" என்றார். நான் அவர் கையைப் பிடித்து என்னவோ சொன்னேன். அவர் கூச்சப்பட்டுப் போய்விட்டார்.

அடுத்தநாள் பார்க்கிற நேரத்தில் போனபோது மாஸ்க்கைக் கழற்றி மூக்கில் மட்டும் சின்னக் குழாய் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நிறம் திரும்பியிருந்தது. கஞ்சி கொடுத்தேன். இரண்டு கரண்டி குடித்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"கம்பிக்குக் காசு எங்கால?"

"மில்லில முற்பணம்."

"எவ்வளவு கேட்ட?"

"எழுபது."

"எவ்வளவு தந்தார்?"

"எழுபது."

அவர் என்னைப் பார்த்தார். ஆறு வருடமாக அந்த மில்லின் கதையை என்னிடம் கேட்டுச் சிரித்த மனிதர். தலையணையில் தலையை மெதுவாக ஆட்டினார்.

"நோயாளிக்கிட்டப் பொய் சொல்லாத, செசீலியா" என்றார்.

நான் சிரிக்கத் தொடங்கினேன். சிரிப்பு நடுவில் அழுகையாக மாறிவிட்டது. சனிக்கிழமையிலிருந்து சேர்த்து வைத்திருந்த பயமெல்லாம் அந்தக் கட்டில் விளிம்பில்தான் வெளியே வந்தது. மிஸ்ஸி ஓடிவந்து, நோயாளிக்கு என்ன என்று கேட்டா. அவர் என்னைக் காட்டி, "எனக்கு ஒண்டும் இல்ல மிஸ்ஸி, இவவைப் பாருங்க" என்றார்.